எல் என்று எழுதியிருந்தால் எல் ஆகிவிடுமா?

எங்கட வீடு மண்டூரில். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கூரியர்க்காரத் தம்பிமார் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி எங்கட ஊருக்குள் வருவது குறைவு. "அக்கா, குருமண்வெளித் துறையடியில நிக்கிறன், வந்து எடுங்க" என்று கோல் எடுப்பார்கள். நாங்கள் பாதையில் ஏறி வாவியைக் கடந்து போய், காசைக் கொடுத்து, பார்சலை வாங்கிக்கொண்டு, அதே பாதையில் திரும்பி வருவோம். வெளியூர் ஆக்களுக்காகச் சொல்கிறோம், இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகிற தட்டையான படகு.

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. அந்தப் பாதையில் நின்றுகொண்டுதான் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பார்சலைப் பிரித்தோம். துறையடியில் வைத்தே பிரித்திருப்போம். ஆனால் காசு கொடுத்த பிறகுதான் பையைக் கிழிக்கலாம் என்பது கூரியர்க்காரரின் சட்டம். எங்களுக்குக் காசு கொடுத்து முடிந்தபோது பாதை வெளிக்கிட ஆயத்தம்.

உள்ளே இருந்தது நாங்கள் கேட்ட சட்டை இல்லை.

நாங்கள் கேட்டது கடும்பச்சை. மச்சாளுடைய எழுத்து ஜூன் 23 ஆம் திகதி. பெண் வீட்டு இளம் ஆக்கள் எல்லாரும் பச்சை உடுப்பது என்று முடிவாகியிருந்தது. வந்தது மயில் நீலம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், எங்களில் இளையவளுக்குக் கை நுழைந்தது, சிப் பாதியில் நின்றது. மூத்தவள் இழுத்துப் பார்த்தாள். மறுகாவும் இழுத்துப் பார்த்தாள். கிழிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டாள். அந்தப் பயம் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

சட்டை 4,450 ரூபா, டெலிவரி 400. மொத்தம் 4,850. எங்களில் மூத்தவள் பின்னேரங்களில் எட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள், ஆளுக்கு 600 ரூபா. ஒரு மாதம் முழுக்கப் படிப்பித்த காசு 4,800. அதற்கு மேலே 50 ரூபா போட்டுத்தான் அந்தப் பையை வாங்கினோம்.

முதலில் நாங்கள் செய்தது எல்லாரும் செய்வதுதான். வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பினோம். ஏழு வொய்ஸ். ஏழிலும் கோபம். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் இரவு ஒரு பதில் வந்தது.

"டியர், நீங்க கேட்டது L. நாங்க அனுப்பினது L. லேபிள பாருங்க. கலர் போன் டிஸ்ப்ளேக்கு கொஞ்சம் மாறித் தெரியும். நீங்க கொஞ்சம் குண்டு போல டியர், அடுத்த முறை XL எடுங்க."

லேபிளைப் பார்த்தோம். L என்றுதான் இருந்தது. அந்த இடத்தில் எங்கட வாய் அடைபட்டது. இளையவள் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பிட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினாள். அடுத்த நாள் காலையிலும் பிளேன்டீ மட்டும்தான். ஒரு சட்டை நுழையவில்லை என்றால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது சட்டையை இல்லை, எங்கட உடம்பை. அது லேபிளுக்கும் தெரியும் போல.

அம்மா சொன்னா, "காசு குடுத்தாச்சு. மறுகா என்ன செய்யிற. தையல்காரியிட்ட குடுத்துப் பக்கத்தால துணி வச்சுத் தைப்பம்."

அப்படித்தான் சட்டையோடு தையல் அக்கா வீட்டுக்குப் போனோம். அவ சட்டையை வாங்கினா. இளையவளை ஒரு தரம் பார்த்தா, லேபிளைப் பார்க்கவே இல்லை. மேசையில் சட்டையை விரித்து, சுருக்கம் போகக் கையால் தடவி, ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மற்றக் கைக்குழியின் அடிக்கு இஞ்சி டேப்பைப் பிடித்தா.

"பதினெட்டு" என்றா. "ரெண்டால பெருக்கு. முப்பத்தாறு. அவங்கட பக்கத்தில L எண்டா எத்தன எண்டு போட்டிருக்கு?"

போனில் பார்த்தோம். அந்தக் கடையின் பக்கத்தில் சட்டைப் படத்துக்கு அடுத்ததாக ஒரு அளவு அட்டவணை இருந்தது. துணியின் மார்புச் சுற்றளவு: S 36, M 38, L 40, XL 42. நாங்கள் அதைப் பார்த்துத்தான் L சொன்னோம்.

"அப்ப இது உங்கட அளவு பிழையில்ல. அவங்கட சொல்லுப்படியே இது S. ஆரோ L எண்டு லேபிள் குத்தியிருக்கான்."

அவ விளங்கப்படுத்தியது இதுதான். S, M, L என்பது இஞ்சி மாதிரி ஒரு அளவு இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு L. வெளிநாட்டிலிருந்து வருகிற லொட்டில் ஒரு தரம் 40 ஆக வந்த L, அடுத்த தரம் 36 ஆகவும் வரும். விற்கிற ஆள் பழைய அட்டவணைப் படத்தையே எல்லாச் சட்டைக்கும் போட்டுக்கொண்டிருப்பார். அதனால் எழுத்தை நம்பாமல் இஞ்சியைக் கேட்க வேண்டும். இஞ்சியைக் கேட்டாலும், அது துணியின் அளவா, உடம்பின் அளவா என்று கேட்க வேண்டும். இழுபடாத துணி என்றால் உடம்பின் அளவைவிட இரண்டு, மூன்று இஞ்சி கூட இருந்தால்தான் மூச்சுவிடலாம், கையைத் தூக்கலாம்.

நீளத்தையும் அளந்தா. அட்டவணையில் 44, துணியில் நாற்பத்து மூன்றரை. "இத விடுங்க. அரை இஞ்சி தையலில போகும். இதையும் சேத்துச் சொன்னா, மற்றதையும் அவங்கள் நம்பமாட்டாங்கள்."

பிறகு சட்டையை உள்பக்கம் புரட்டிக் காட்டினா. பக்கத் தையலுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் அகலம்கூடத் துணி இல்லை. ஓவர்லொக் அடித்து வெட்டி முடித்திருந்தது. வீட்டில் தைக்கிற சட்டை என்றால் உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள், பிறகு பிரித்துப் பெருப்பிக்கலாம். இதில் நாலு இஞ்சிக்கு வழியே இல்லை. வேறு துணி வைக்கலாம். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க முதல் அவவே கேட்டா, "திருப்பிக் குடுக்கப் போறீங்களா, வச்சிருக்கப் போறீங்களா? வெட்டினாப் பிறகு திருப்பிக் குடுக்கேலாது."

இளையவள் அன்றைக்கு மத்தியானம் சோறு வடிவாகச் சாப்பிட்டாள்.

திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். கொழும்பில் சட்டம் படிக்கிற எங்கட சினேகிதிக்குக் கோல் எடுத்தோம். எங்கட ஏழு வொய்ஸையும் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "இதில திகதி இல்ல, அளவு இல்ல, என்ன வேணும் எண்டும் இல்ல. கோபம் மட்டும்தான் இருக்கு. வடிவா ஒரு கடிதம் எழுதுங்கடி" என்றாள்.

அவள் சொன்ன சட்டம் பழையது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் 1893 இல் தன் நாட்டுக்கு எழுதிய சட்டத்தைப் பார்த்து இங்கே எழுதியது. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு விதி: ஒரு பொருளை விபரம் சொல்லி விற்றால், கொடுக்கிற பொருள் அந்த விபரத்துக்குப் பொருந்த வேண்டும். அது விற்கிற ஆள் வாயால் சொல்லாவிட்டாலும் கொடுக்கல் வாங்கலில் அடங்கியிருக்கிற நிபந்தனை.

அந்த விதிக்கு இங்கிலாந்தில் 1900 ஆம் ஆண்டு ஒரு வழக்கு நடந்திருக்கிறது. பெயர் வார்லி எதிர் விப். ஒருவர் கதிர் அறுக்கிற இயந்திரம் ஒன்றைக் கண்ணால் காணாமலே வாங்குகிறார். போன வருடம் புதிதாக வாங்கியது, ஐம்பது அறுபது ஏக்கர்தான் அறுத்தது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். ரயிலில் வந்து இறங்கியதைப் பார்த்தால் பழசு, ஒட்டுப்போட்டது. வாங்கியவர் கடிதம் எழுதுகிறார், இயந்திரத்தைத் திருப்பி அனுப்புகிறார். விற்றவர் காசு கேட்டு வழக்குப் போடுகிறார். நீதிமன்றம், காணாமல் வாங்கிய பொருள் என்றால் அது விபரத்தை நம்பி வாங்கியதுதான், விபரத்துக்குப் பொருந்தாததை ஏற்கத் தேவையில்லை என்று சொன்னது. நூற்றிருபது வருடத்துக்கு முதல் ரயிலில் வந்த இயந்திரத்துக்கும் பாதையில் வந்த எங்கட சட்டைக்கும் நியாயம் ஒன்றுதான்.

அவள் இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, பொருள் வேண்டாம் என்றால் அதைச் சுணங்காமல் சொல்ல வேண்டும், பொருளைச் சொந்தப் பொருள் மாதிரிப் பாவிக்கக் கூடாது. உடுத்தால், கழுவினால், வெட்டித் தைத்தால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துவிடுவார்கள். பேசாமல் நாளைக் கடத்தினாலும் அப்படித்தான். வேண்டாம் என்று அறிவித்தால் போதும், நாங்களே சுமந்துகொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றில்லை. இரண்டாவது, வட்ஸ்அப் செய்தியும் சாட்சிதான். மின்னணுவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைச் செல்லாது என்று தள்ள முடியாது என்பதை 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது. அழித்துவிடாமல் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வை என்றாள்.

நிறம்தான் கஷ்டமாக இருந்தது. அளவுக்கு இஞ்சி டேப் இருக்கிறது, நிறத்துக்கு என்ன டேப்? போன் டிஸ்ப்ளே என்று அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. போன் கமரா வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகவே நிறத்தைக் கூட்டிக் குறைக்கும். மஞ்சள் பல்பின் கீழே எடுத்த நீலம் பச்சை மாதிரித் தெரியும். அதனால் முற்றத்தில், காலை வெளிச்சத்தில், சட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுத்தோம். தாள் படத்திலும் வெள்ளையாக இருந்தால், பக்கத்தில் இருக்கிற நிறத்தையும் நம்பலாம்.

ஆனால் அதைவிடப் பெரிய சாட்சி அவர்கள் பக்கத்திலேயே இருந்தது. அதே சட்டை ஆறு நிறத்தில் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். 3 கடும்பச்சை, 5 மயில் நீலம். நாங்கள் ஓடர் போட்டபோது "கலர் 3, சைஸ் L" என்று எழுதியிருக்கிறோம். அவர்களும் "ஓகே டியர், 3 L" என்று எழுதியிருக்கிறார்கள். வந்த சட்டையின் உள்பையில் பேனையால் 5 என்று எழுதியிருந்தது. டிஸ்ப்ளே நிறத்தை மாற்றும். மூன்றை ஐந்தாக மாற்றாது.

இனி விலாசம். அந்தப் பக்கத்தில் ஒரு போன் நம்பர் மட்டும்தான். கூரியர்ப் பையின் மேல் ஒட்டியிருந்த துண்டில் அனுப்பினவரின் பெயரும் விலாசமும் இருந்திருக்க வேண்டும். பை எங்கே? தேடித் தேடிக் களைத்துவிட்டோம். அம்மா அதைத் திருவலைக்கு உறை போட்டிருந்தா. நல்ல பொலித்தீன் பை ஒன்றையும் அவ எறியமாட்டா. துண்டு அப்படியே இருந்தது, தேங்காய்ப்பூ மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

முதல் கடிதம் இரண்டரைப் பக்கம் வந்தது. அதில் மச்சாளுடைய எழுத்து இருந்தது, எட்டுப் பிள்ளைகளின் வகுப்புக் காசு இருந்தது, குண்டு என்று சொன்னதற்கு ஒரு முழுப் பந்தி இருந்தது. நீங்கள் ஏமாற்றுக்காரர் என்றும் இருந்தது. சினேகிதி ஒவ்வொன்றாக வெட்டச் சொன்னாள். ஏமாற்றினார்கள் என்று எழுதினால், அவர்களுடைய மனதில் என்ன இருந்தது என்பதை நாங்கள் நிரூபிக்க வேண்டும். பையை மாற்றிப் போட்ட பிழையாகவும் இருக்கலாம். பொருந்தவில்லை என்று எழுதினால், அதை இஞ்சி டேப் நிரூபிக்கும். உடம்பைப் பற்றிய பந்தியை வெட்ட இளையவளுக்கு மனம் வரவில்லை. பிறகு அவளே சொன்னாள், "என்ர உடம்பு இந்தக் கடிதத்துக்குள்ள வரவே கூடாது. இது சட்டையப் பற்றின கடிதம்." பேனையை எடுத்து அவளே வெட்டினாள்.

மிஞ்சியது இதுதான். பெயர்களையும் இலக்கங்களையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.

மண்டூர்,
2024.06.18

உரிமையாளருக்கு,

ஓடர் இலக்கம் ….. : பொருந்தாத சட்டைக்குப் பணம் திரும்பக் கோருதல்

2024.06.08 அன்று உங்கள் பக்கத்தில் பார்த்த சட்டை ஒன்றுக்கு வட்ஸ்அப் மூலம் ஓடர் கொடுத்தோம். நாங்கள் கேட்டது நிற இலக்கம் 3 (கடும்பச்சை), அளவு L. நீங்கள் அதே நாள் "3 L" என உறுதிப்படுத்தினீர்கள். 2024.06.14 அன்று கூரியர் மூலம் பார்சல் கிடைத்தது. சட்டைக்கு 4,450 ரூபாவும் டெலிவரிக்கு 400 ரூபாவுமாக மொத்தம் 4,850 ரூபா செலுத்தினோம்.

கிடைத்த சட்டை இரண்டு விதத்தில் உங்கள் விபரத்துக்குப் பொருந்தவில்லை.

1. நிறம்: வந்தது மயில் நீலம். உள்பையில் இலக்கம் 5 என எழுதப்பட்டுள்ளது.

2. அளவு: உங்கள் அட்டவணைப்படி L இன் மார்புச் சுற்றளவு 40 இஞ்சி. வந்த சட்டையைத் தட்டையாக விரித்து அளந்தால் கைக்குழிக்குக் கைக்குழி 18 இஞ்சி, அதாவது சுற்றளவு 36 இஞ்சி. இது உங்கள் அட்டவணையில் S. லேபிளில் L என இருந்தாலும் நாங்கள் வாங்கியது அட்டவணையில் உள்ள அளவைப் பார்த்தே.

ஆகவே இந்தச் சட்டையை நாங்கள் ஏற்கவில்லை. சட்டை உடுக்கப்படவில்லை, கழுவப்படவில்லை, திருத்தப்படவில்லை. லேபிளோடும் பையோடும் பத்திரமாக உள்ளது. உங்கள் செலவில் கூரியர் அனுப்பினால் குருமண்வெளித் துறையடியில் ஒப்படைப்போம்.

தேவைப்பட்ட நாளுக்குள் வேறு சட்டை வந்து சேராது என்பதால் மாற்றுச் சட்டை வேண்டாம். 4,850 ரூபாவையும் 2024.07.02 ஆம் திகதிக்கு முதல் கீழே உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பி வையுங்கள். அத்திகதிக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்வோம்.

இணைப்பு: ஓடர் உரையாடல், அளவு அட்டவணை, சட்டையை அளக்கும் படம், வெள்ளைத் தாளோடு எடுத்த படம், கூரியர்த் துண்டு.

இப்படிக்கு,
…..

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. வாசித்துப் பார்த்தால் கோபமே இல்லாத மாதிரி இருக்கும். எங்களுக்குத் தெரியும், கோபம் 18 இஞ்சிக்குள் இருக்கிறது.

படமாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். அதே கடிதத்தைக் களுவாஞ்சிகுடித் தபால் கந்தோரில் பதிவுத் தபாலிலும் போட்டோம். வட்ஸ்அப்பை புளொக் பண்ணிவிடலாம், பதிவுத் தபாலைப் புளொக் பண்ண ஏலாது. அந்தச் சின்னத் துண்டுதான் கடிதம் போனதற்குச் சாட்சி.

அதிகார சபை என்று எழுதியது வெறும் வெருட்டல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால் அதை விசாரிக்க அதிகார சபைக்கு இடம் கொடுக்கிறது. விசாரணையில் நட்டம் உறுதியானால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். என்ன செய்வது என்று கேட்க 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுக்கலாம். நாங்கள் கடையோடு இழுபடுகிற ஒவ்வொரு கிழமையும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் கழிகிறது. அதனால்தான் கடிதத்தில் ஒரு திகதி வைத்தோம்.

23 ஆம் திகதி எழுத்து நடந்தது. இளையவள் பெரியம்மாவின் பழைய பச்சைச் சேலையை உடுத்தாள். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். அவளுக்கு அந்தச் சட்டைதான் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

25 ஆம் திகதி கடையிலிருந்து பதில் வந்தது. இந்த முறை டியர் இல்லை. "மிஸ், பையில கலர் மாறிப் போட்டுட்டம். சட்டைக் காசு 4,450 தாறம். டெலிவரி எங்கட கையில இல்ல. நீங்களே திருப்பி அனுப்புங்க." நாங்கள் இரண்டு வரி எழுதினோம்: பிழை எங்களுடையது இல்லை, திருப்பி அனுப்புகிற செலவை நாங்கள் ஏற்கமாட்டோம். அடுத்த நாள் கூரியர் அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். கூரியர்த் தம்பியிடம் சட்டையைக் கொடுக்க முதல், பையில் போடுவதையும் ஒட்டுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டோம். 29 ஆம் திகதி 4,450 ரூபா கணக்குக்கு வந்தது.

400 ரூபா வரவில்லை. நியாயப்படி அதுவும் வர வேண்டும். அவர்கள் அனுப்பிய பிழையான பொருளுக்கு நாங்கள் கட்டிய கூலி அது. அதற்காக முறைப்பாடு எழுதலாமா என்று ஒரு இரவு இருந்து யோசித்தோம். மூத்தவளுக்கு வகுப்பு, இளையவளுக்குச் சோதனை. விட்டுவிட்டோம். சட்டம் அந்த இடத்தில் முடியவில்லை, எங்கட நேரம்தான் முடிந்தது. 400 ரூபாவைக் கடைக்காரர் திருப்பித் தராமல் விடுவது, அதற்காக நாங்கள் மெனக்கெடமாட்டோம் என்று தெரிந்துதான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. கூரியர்த் துண்டில் உண்மையான விலாசம் இருந்ததால்தான் எங்கட கடிதத்துக்குப் போய்ச் சேர ஒரு இடம் இருந்தது. பெயரும் விலாசமும் இல்லாத பக்கமாக இருந்தால், எவ்வளவு வடிவாக எழுதினாலும் கடிதம் போனுக்குள்ளேயே கிடந்திருக்கும். அதிகார சபைக்குப் போனாலும் முதல் கேள்வி, விற்றது யார் என்பதுதான்.

போன கிழமை அதே மச்சாள் வேறொரு பக்கத்தில் ஒரு சட்டையைக் காட்டினாள். "L போடவா?" என்று கேட்டாள். இளையவள் போனை வாங்கி அவளுக்காகத் தட்டினாள். "உங்கட கடை விலாசம் என்ன? கலர் இலக்கம் என்ன? சட்டைய மேசையில விரிச்சு, கைக்குழிக்குக் கைக்குழி எத்தன இஞ்சி எண்டு டேப் வச்ச படம் ஒண்டு அனுப்புங்க."

பத்து நிமிஷத்தில் படம் வந்தது. டேப்பில் 20. கீழே விலாசம்.

"இப்ப போடு" என்றாள்.